படத்தில் இருக்கும் கதவு, தரையில் இருக்கும் பூட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், தீ பாதுகாப்புத் தன்னார்வலர் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஏ பிளாக்கின் இரண்டாவது படிக்கட்டு பற்றி நம் மேலாளருக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார். "ஒரு படம் தப்பாக இருக்கிறது என்று சொல்ல இரண்டு பக்கக் கடிதமா சார்? வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று முழுக்க அதற்குப் பதில் சொல்லப் போகிறேன். செயலாளர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தீ பாதுகாப்பு பற்றி எல்லாவற்றையும் அதற்குள் பேச முடியாது. இந்த ஒரு படம், இந்த ஒரு கதவு, இந்த ஒரு கடிதம், அவ்வளவுதான்.

முதலில் எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் ஒன்று என்று கண்ணாடிச் சட்டத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று காட்டும் வரைபடம் அது. பில்டர் கட்டடத்தை ஒப்படைத்த காலத்தில் மாட்டியது. பச்சை அம்புக்குறிகள் இரண்டு படிக்கட்டுகளையும் காட்டும். தீயணைப்பான் இருக்கும் இடம் சிவப்பில் இருக்கும். கீழே தரைத்தளத்தின் சிறு படமும் உண்டு. முதல் படிக்கட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் இறங்கி, முன் வாசல் வழியாக வெளியே போகிறது. இரண்டாவது படிக்கட்டு கிழக்குக் கோடியில் இறங்கி, ஒரு கதவு வழியாகப் பின்பக்கக் காலியிடத்துக்குப் போகிறது. அந்தக் கதவின் மேலும் பச்சை அம்பு இருக்கிறது.

தன்னார்வலர்கள் நாங்கள் பிளாக்குக்கு ஒருவராக இந்தப் படங்களைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தோம். சரிபார்ப்பது என்றால் படம் மாட்டியிருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. போனில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, மேல் மாடியின் கடைசி வீட்டு வாசலில் நின்று, அம்பு காட்டும் வழியில் நடப்பது. நடை படிக்கட்டோடு முடியாது. தலைக்கு மேல் வானம் தெரிகிற இடம் வரை, நாம் கூடுமிடம் என்று குறித்திருக்கும் வேப்பமரத்தடி வரை நடக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு தூரம்? வெளியேறும் வழியைத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு மூன்று துண்டாகப் பார்க்கிறது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரு துண்டு. படிக்கட்டு ஒரு துண்டு. படிக்கட்டின் அடியிலிருந்து வெட்டவெளிக்குப் போவது மூன்றாவது துண்டு. முதல் இரண்டையும் யாராவது தினம் பார்க்கிறார்கள், பெருக்குகிறார்கள், பல்பு மாற்றுகிறார்கள். மூன்றாவது துண்டு யார் கண்ணிலும் படுவதில்லை. ஏனென்றால் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் இரண்டாவது படிக்கட்டில் கடைசி வரை இறங்குகிறவர் யாருமில்லை. அதனால் சாமான் சேருவதும் பூட்டு ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நம் ஏ பிளாக்கிலும் அதுதான். 9 மாடி இறங்கிக் கீழே வந்தால் அம்பு காட்டும் கதவு இருக்கிறது. இரட்டைக் கிரில் கதவு. நடுவில் சங்கிலி, சங்கிலியில் ஒரு பூட்டு. பூட்டில் துரு ஏறியிருந்தது, ஆகவே அது நேற்று போட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பெயின்ட் டின்கள், பழைய தண்ணீர்க் குழாய்கள், ஒரு உடைந்த ஊஞ்சல். செக்யூரிட்டியிடம் சாவி கேட்டேன். மேலாளர் அறையில் இருக்கும் என்றார். மேலாளர் அறை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பூட்டியது நம் இப்போதைய மேலாளர் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பின்பக்கம் வழியாகக் குழந்தைகளின் சைக்கிள்கள் திருட்டுப் போனபோது நாமே, இதே பொதுக்கூட்டத்தில், பூட்டச் சொன்னோம். கதவு பூட்டப்பட்டது. படத்தை யாரும் தொடவில்லை. முடிவெடுத்த அன்று படத்தைப் பற்றி ஒருவர் பேசியதாகக் குறிப்பேட்டில் இல்லை.

சரி, ஒரு படிக்கட்டு அடைபட்டால் இன்னொன்று இருக்கிறதே என்று தோன்றும். இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. முதல் படிக்கட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எல்லா வீட்டு மின் மீட்டர்களும் ஒரே சுவரில். அதற்கு எதிரே வரிசையாக ஸ்கூட்டர்கள், அவற்றில் சில சார்ஜ் ஏறிக்கொண்டு. நம் கட்டடம் மட்டும் இப்படி இல்லை, சென்னையில் பாதி அடுக்குமாடி இப்படித்தான். ஆக, தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடம் எது என்று கேட்டால், முதல் படிக்கட்டின் வாய்தான். அங்கே ஒயர் கருகினால் புகை எங்கே போகும்? சூடான புகை மேலே ஏறும். படிக்கட்டுக் கூண்டு அதற்கு ஒரு புகைபோக்கி. அடியில் தொடங்கிய புகை சில நிமிடத்தில் மேல் மாடி வரை போய்விடும். அந்த நேரத்துக்காகத்தான் இரண்டாவது படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். முதல் படிக்கட்டு நன்றாக இருக்கும் நாளில் இரண்டாவது யாருக்கும் தேவைப்படாது. அது தேவைப்படும் ஒரே நாளில் அதன் அடிக்கதவு பூட்டியிருக்கிறது.

பொதுவாக மனிதர்கள் ஆபத்து நேரத்தில் தாங்கள் வந்த வழியாகவே வெளியேறப் பார்ப்பார்கள் என்று தீ விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கு வந்த வழி லிஃப்டும் முதல் படிக்கட்டும். அங்கே புகையைப் பார்த்துத் திரும்புகிறவர்தான் சுவரில் இருக்கும் படத்தைப் பார்ப்பார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, விருந்துக்கு வந்த உறவினர், பார்சல் கொண்டுவந்த பையன். அவர் அந்த அம்பை நம்பி 9 மாடி இறங்குவார். நான் கைப்பிடியைப் பிடித்து, முழங்கால் அனுமதித்த வேகத்தில், கடிகாரம் வைத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கீழே சங்கிலி. மறுபடி மேலே ஏற வேண்டும். பின்னால் இறங்கி வரும் கூட்டம் எதிரே. படம் இல்லாத சுவராக இருந்திருந்தால் அவர் வேறு யோசித்திருக்கலாம், பால்கனிக்குப் போய் உதவி கேட்டிருக்கலாம். படம்தான் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில். படிக்கட்டு வழியாகப் புகை பால்கனிக்கு ஏறியது. பால்கனியின் வலப்பக்க இடைவழியும் அங்கிருந்து வெளியேறும் வழியும் கூடுதல் இருக்கைகளுக்காக அடைபட்டிருந்தன. மேலே இருந்தவர்களைக் கொன்றது நெருப்பைவிடப் புகைதான். கீழே மின்சாரம், பக்கத்தில் வண்டிகள், மேலே ஆட்கள், அடைபட்ட ஒரு வழி. நம் பிளாக்கின் அமைப்போடு நீங்களே பொருத்திப் பாருங்கள்.

இப்போது கடிதம். அதைப் படித்தே காட்டிவிடுகிறேன்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஏ பிளாக் வெளியேறும் வழி வரைபடம் பூட்டிய கதவைக் காட்டுவது குறித்து.

கடந்த ஞாயிறு காலை 7.10 மணிக்கு ஏ பிளாக் ஒன்பதாவது மாடிக் கிழக்குக் கோடியில் உள்ள வரைபடத்தைப் பின்பற்றி இரண்டாவது படிக்கட்டில் இறங்கினேன். வரைபடத்தில் வெளிவழியாகக் காட்டப்பட்டுள்ள தரைத்தளக் கிழக்குக் கதவு சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருந்தது. கதவின் வெளிப்பக்கம் சாமான்கள் இருந்தன. பணியில் இருந்த செக்யூரிட்டியிடம் சாவி இல்லை. மூன்று புகைப்படங்கள் இணைத்துள்ளேன்: வரைபடம், பூட்டு, கதவுக்கு வெளிப்பக்கம்.

தாங்கள் செய்யுமாறு கேட்டுக்கொள்வது: இன்றே பூட்டையும் சங்கிலியையும் அகற்ற வேண்டும். கதவு திறந்திருக்கும் வரை பின்பக்கத்துக்கு ஒரு காவலரை நிறுத்தலாம். மூன்று நாளுக்குள் கதவின் இருபுறமும் சாமான்களை அகற்ற வேண்டும். ஏதேனும் காரணத்தால் இன்று பூட்டை எடுக்க முடியாவிட்டால், இன்று மாலைக்குள் எல்லா வரைபடங்களிலும் அந்த வெளிவழியின் மேல் சிவப்புக் குறியிட்டு, 'இக்கதவு தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, முதல் படிக்கட்டில் செல்லவும்' என்று தேதியுடன் ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு அமைக்க வேண்டும். அதன்பின் வரைபடங்களைத் திருத்திப் புதிதாக மாட்ட வேண்டும்.

அம்புக்குறியை மட்டும் அழித்துவிடுவது தீர்வாகாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம் இரண்டாம் பக்கத்தில்.

நகல்: செயலாளர், நம் சங்கம்."

கீழே கையெழுத்து, வீட்டு எண், தேதி. மறு பிரதியில் மேலாளரின் கையெழுத்தும் பெற்றுக்கொண்ட நேரமும்.

வாட்ஸ்அப் ஏன் போதாது என்றால், அங்கே போட்டதற்கு இருபது கைகூப்பு வரும், மறுநாள் காலை பிறந்தநாள் வாழ்த்தில் அது மேலே போய்விடும். கடிதத்துக்கு அலுவலகத்தில் வரவு எண் உண்டு. கோப்பில் உட்காரும். அடுத்த மேலாளர் வந்தாலும் அங்கேயே இருக்கும். மேலாளருக்கும் அது உதவிதான். பூட்டுக்காரருக்கும் கதவுக்கும் செலவு கேட்டுச் சங்கத்திடம் வரும்போது அவர் கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். வாட்ஸ்அப் திரையைக் காட்டி எந்தப் பொருளாளரிடமும் பணம் வாங்க முடியாது. நம் பொருளாளர் சிரிக்கிறார்.

கடிதத்தில் யார் பூட்டினார்கள், ஏன் பூட்டினார்கள், இது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதியிருந்தால் பதில் அதைப் பற்றித்தான் வந்திருக்கும். எந்த நேரத்தில் எந்தக் கதவு எந்த நிலையில் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாம் பக்கத்தில் இருந்த காரணத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்கு முக்கியம். மேலாளர் நல்ல மனிதர். படித்தவுடன் அவர் சொன்னது, "சார், டிசைனர் பையனிடம் சொல்லி அந்த அம்பை எடுத்துவிடுகிறேன், நாளைக்கே புதுப் படம் மாட்டிவிடலாம்." படம் தவறு என்று ஒருவர் சொன்னால் படத்தைத் திருத்துவதுதானே இயல்பு. நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். பெட்டியில் இருக்கும் பணமும் புத்தகத்தில் இருக்கும் தொகையும் ஒத்துவரவில்லை என்றால், பேனாவை எடுத்துப் புத்தகத்தில் தொகையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இங்கே புத்தகம் சரி. அரசு ஒப்புதல் தந்த கட்டட வரைபடத்திலும் அந்தக் கதவு வெளிவழிதான். தவறு பெட்டியில்.

அம்பை அழித்தால் என்ன ஆகும் என்று டேப் வைத்து அளந்தோம். தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் வீட்டு வாசலிலிருந்து இரண்டாவது படிக்கட்டுக்கு 6 மீட்டர். அதே வாசலிலிருந்து முதல் படிக்கட்டுக்கு 41 மீட்டர். நம் மாதிரி கான்கிரீட் கட்டடத்தில், குடியிருப்புகளுக்கு, வெளிவழியை அடைய நடக்கும் தூரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு. தானியங்கி நீர்த் தெளிப்பான் இருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. நம் தாழ்வாரத்தில் தெளிப்பான் இல்லை. அம்பை அழித்த அந்தக் கணமே கிழக்குப் பக்கத்து வீடுகள் எல்லாம் விதிக்கு வெளியே போய்விடும், படம் மட்டும் சுத்தமாக இருக்கும். ஏழாவது மாடியில் அந்தக் கோடி வீட்டில் வாக்கர் வைத்து நடக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். 6 மீட்டருக்கும் 41 மீட்டருக்கும் இடையில் அவருக்கு என்ன வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அந்த 41 மீட்டர் புகை வரும் திசையை நோக்கி.

இதைக் காட்டியதும் மேலாளர் டேப்பை வாங்கி ஒருமுறை தானே அளந்தார். அதன்பின் அம்பை எடுக்கும் பேச்சு வரவில்லை.

அடுத்து வந்தது திருட்டு. "பூட்டை எடுத்தால் சைக்கிள் போகும், பிறகு நீங்களே கேட்பீர்கள்." உண்மை, கேட்போம். சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கண்ணாடிப் பெட்டியில் கதவுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிடலாம் என்று இன்னொன்று. வெளிவழிக் கதவு, வெளியேறுகிறவர் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. செக்யூரிட்டி அந்த நேரம் முன் வாசலில் தண்ணீர் லாரிக்குக் கதவு திறந்துகொண்டிருப்பார். கண்ணாடிப் பெட்டியில் சாவி இருந்தால், ஒரு வருடத்தில் யாரோ எடுத்திருப்பார்கள். சாவியே இருந்தாலும், இருட்டில், புகையில், நடுங்கும் கையால், பின்னால் முப்பது பேர் நெருக்கும்போது துருப்பிடித்த பூட்டைத் திறந்து பாருங்கள்.

இதற்கென்றே ஒரு சாதனம் உண்டு. பேனிக் பார் என்பார்கள். கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு பட்டை. உடம்பால் தள்ளினாலே கதவு வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து பிடியே கிடையாது. தியேட்டர்களில் பார்த்திருப்பீர்கள். கிரில் கதவில் அப்படியே மாட்டினால் கம்பி இடுக்கில் வெளியிலிருந்து கை நுழைத்து அமுக்கிவிடலாம். அதனால் கிரிலுக்குப் பதில் தகட்டுக் கதவு போட வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கதவு திறந்தால் காவலர் அறையில் மணி அடிக்கும்படி ஒரு ஸ்விட்ச் வைத்தால் திருட்டுக்கும் பதில் ஆயிற்று. சைக்கிளோடு ஒருவன் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வெளியே போனாலும் மணி அடிக்கும். பூட்டுகூட அதைச் செய்யாது.

கடிதத்தின் கடைசி வரி, வரைபடங்களைத் திருத்திப் புதிதாக மாட்டுவது. கதவு சரியானால் பழைய படமே போதுமே என்று கேட்கலாம். படத்தை வைத்துக்கொண்டு நடந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று படத்தைப் பார்க்கிறவர் வடக்கு நோக்கி நிற்கிறார். கிழக்குக் கோடிச் சுவரில் பார்க்கிறவர் தெற்கு நோக்கி நிற்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே அச்சு. ஆகவே கிழக்குக் கோடியில் நிற்கிறவருக்குப் படத்தில் வலப்பக்கம் இருக்கும் படிக்கட்டு, உண்மையில் அவருடைய இடப்பக்கம் இருக்கிறது. அமைதியான மனநிலையில் மனதுக்குள் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில் யாரும் திருப்ப மாட்டார்கள். இப்படிப்பட்ட வரைபடங்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயமும், பார்க்கிறவர் நிற்கும் திசைக்கு ஏற்ப படம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்ற புள்ளியும் நம் படங்களில் எல்லா மாடியிலும் லிஃப்ட் வாசலிலேயே இருந்தது, படம் எங்கே மாட்டியிருந்தாலும்.

ஒரு திருத்தம் சொல்லும்போது அது எத்தனை பிரதிகளில் போக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். 9 மாடி, மாடிக்கு இரண்டு, 18. ஸ்டில்ட் அறிவிப்புப் பலகையில் ஒன்று, 19. இதோடு முடிந்தது என்று நினைத்தோம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சங்கம் அனுப்பும் வரவேற்புக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் அதே படம் இருப்பதை மூன்றாவது மாடிப் பெண் ஒருவர் சொன்னார். ஆக 20. வாடகைக்கு வந்தவர்கள் போனில் வைத்திருப்பது அந்தப் படத்தைத்தான். ஒவ்வொரு புதுப் படத்தின் மூலையிலும் திருத்திய தேதி போடச் சொல்லியிருக்கிறோம். தேதி இல்லாத படம் எங்காவது தொங்கினால் அது பழையது என்று யாரும் கண்டுபிடிக்கலாம்.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடிதம் கொடுத்த அன்று மாலை ஐந்து மணிக்குப் பூட்டுக்காரர் வந்து சங்கிலியை அறுத்தார். சாவி மேலாளர் அறையிலும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரவுக் காவலர் ஒருவருக்குப் பின்பக்கம் நாற்காலி போட்டார்கள். சாமான்கள் போக மூன்று நாள் என்று கேட்டிருந்தோம், எட்டு நாள் ஆயிற்று. பெயின்ட் டின்கள் யாருடையவை என்பதில் சின்ன விவாதம் நடந்தது. ஊஞ்சலை மட்டும் எடுக்க வேண்டாம் என்று இரண்டு குழந்தைகள் மேலாளருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதற்கும் வரவு எண் போட்டிருக்கிறார், பார்த்தேன். ஊஞ்சல் இப்போது வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது, வழியில் இல்லை.

தகட்டுக் கதவும் பேனிக் பாரும் ஆறாவது வாரம் வந்தன. மாட்டிய அன்று ஏழாவது மாடிப் பெரியவரின் மனைவி வந்து தானே தள்ளிப் பார்த்தார். முதல் தள்ளலில் திறக்கவில்லை. கதவின் அடிப்பாகம் சிமென்ட் தரையில் உரசியது. தச்சர் மறுநாள் வந்து சரிசெய்து கொடுத்தார். அந்த அம்மா மறுபடி வந்து, ஒரு கையில் காய்கறிப் பையோடு, இன்னொரு கையால் தள்ளித் திறந்தபின்தான் மேலாளர் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். நம் ஆட்கள் மூன்று பேர் தள்ளிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன கதவு அது.

படங்களில் 20இல் 19 மாறிவிட்டன. ஐந்தாவது மாடிக் கிழக்குக் கோடியில் நான்காவது மாடிப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். மேலாளரிடம் சொல்லியாயிற்று, இந்த வாரம் மாறும். கையேட்டில் படம் மாற்றியதைச் செயலாளர் உங்கள் எல்லோருக்கும் மறுபடி அனுப்புவார். பழையதைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பி பிளாக்கை இன்னும் நடந்து பார்க்கவில்லை. அங்கே இரண்டாவது படிக்கட்டு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒன்பதாவது மாடியிலிருந்து தொடங்குகிறோம். அந்த மாடியில் இருக்கும் யாராவது இரண்டு பேர் எங்களோடு இறங்கினால் நல்லது. டேப் என்னிடம் இருக்கிறது, செருப்பு வழுக்காததாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.